புகழ் இல்லை என்றாலும் செய்வேனா?

போன வருடம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு ஒரு நிலை வந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுகூட அப்போது தெரியவில்லை. சோகம் இல்லை, காதல் தோல்வி இல்லை, பரீட்சையிலும் பெயில் இல்லை. சி.ஜி.பி.ஏ. 3.41, பி.டி.பி.டி.என். கடன் சரியாக வருது, ஹாஸ்டல் அறைத்தோழன் நல்லவன். ஆனால் காலையில் எழுந்தால் அந்த நாளில் எனக்கென்று எதுவுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. உப்பு போட மறந்த சாம்பார் மாதிரி. சாப்பிடலாம், வயிறும் நிறையும், ஆனா ருசி கிடையாது.

நான் கண்டுபிடித்த காரணம் ரொம்ப சுலபமானது. "கோர்ஸ் தப்பு. எனக்கு மெக்கானிக்கல் எஞ்சினியரிங் ஒத்து வரல. விட்டுடலாம்." ஒரு செமஸ்டர் விடுப்பு எடுப்பதற்கான பாரத்தைக்கூட வாங்கி வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லப் பயம். அதனால் பெரியம்மா மகளிடம் சொன்னேன். அக்கா ஈப்போ பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியை. விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தே தாரேக் ஆறும்வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "சரி தம்பி, கோர்ஸ் தப்புன்னா எது சரி?"

என்னிடம் பதில் இல்லை. எது வேண்டாம் என்று தெரிந்தது, எது வேண்டும் என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா ஒரு தாளை எடுத்தாங்க. கெல்லி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய பயிற்சி அது. வாழ்க்கையைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருந்தது: குடும்பம், காதல் அல்லது திருமண உறவு, பிள்ளை வளர்ப்பு, நண்பர்கள், வேலை, படிப்பு, பொழுதுபோக்கு, ஆன்மீகம், சமூகப் பணி, உடல்நலம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் போடவேண்டும். இது எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது முதல் எண், 1 முதல் 10 வரை. போன ஒரு வாரத்தில் நான் அதற்கு ஏற்றபடி எவ்வளவு நடந்துகொண்டேன் என்பது இரண்டாவது எண், அதுவும் 1 முதல் 10 வரை. அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். முக்கியம் என்ற வரிசையில் குடும்பம் 10, படிப்பு 10, ஆன்மீகம் 10, உடல்நலம் 9, சமூகம் 9. அக்கா சிரிச்சாங்க. "எல்லாமே பத்துன்னா எதுவுமே பத்து இல்லடா தம்பி. இது நீ எழுதினது இல்ல. தீபாவளிக்கு வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க கேட்டா நீ சொல்ற பதில்."

உண்மைதான். அந்தத் தாளை யாரோ படிப்பார்கள் என்று நினைத்தே எழுதியிருந்தேன். படித்தது அக்கா மட்டும்தான், அவங்ககிட்டகூட நல்ல பிள்ளையாக நடித்தேன்.

முதல் வேலையாக ஒரு வாரத்தை அப்படியே குறித்துவைக்கச் சொன்னாங்க. எதையும் மாற்றக்கூடாது, எழுதினால் போதும். ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு எழுதினேன். ஒரு வாரம் என்றால் 168 மணி நேரம். தூக்கம் 52. வகுப்பும் லேப்பும் 24. அசைன்மென்ட் 14. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் 17. போன், கேம் 38. மிச்சம் 23 மணி நேரம் எங்கே போனது என்றே எழுத முடியவில்லை. படுத்திருந்தேன், அறைத்தோழனோடு பேசினேன், படுத்திருந்தேன். அம்மாவோடு பேசியது மொத்தம் இருபது நிமிடம்கூட இல்லை. இரண்டு தடவை அம்மா அழைத்தும், கேம் பாதியில் இருந்ததால் நான் எடுக்கவில்லை. 'பத்து' போட்ட குடும்பத்துக்கு நான் கொடுத்தது அவ்வளவுதான்.

அடுத்த வேலை முதல் வரிசையைச் சுத்தம் செய்வது. அதற்கு அக்கா கொடுத்த கேள்வி இது: "நீ இதைச் செஞ்சது யாருக்கும் எப்பவும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. போட்டோ இல்ல, பாராட்டு இல்ல, திட்டும் இல்ல. அப்பவும் செய்வியா?"

இந்தக் கேள்வியை ஒவ்வொரு பகுதியிலும் வைத்துப் பார்த்தேன். ஆன்மீகத்தில் வைத்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. தைப்பூசத்துக்கு இரண்டு வருடம் பத்துமலையில் பால்குடம் எடுத்திருக்கிறேன். விரதம் இருந்தேன், 272 படி ஏறினேன், எல்லாம் உண்மை. ஆனால் அந்த இரண்டு வருடமும் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது கீழே இறங்கியதும் போட்டோ எப்படி வந்திருக்கிறது என்று பார்த்ததுதான். யாருக்குமே தெரியாது என்றால் எடுத்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், அந்த வயதில் எடுத்திருக்கமாட்டேன். பால்குடத்தில் தப்பு இல்லை. நான் அதை எடுத்த விதத்தில்தான் கோளாறு.

அதே தைப்பூசத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது வருடம் நேர்த்திக்கடன் முடிந்த பிறகு, நண்பனின் தண்ணீர்ப்பந்தலில் ஆள் பத்தவில்லை என்று கூப்பிட்டான். இரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை மோர் ஊற்றிக் கொடுத்தேன், தரையில் கிடந்த கப்புகளைப் பொறுக்கிப் பைகளில் கட்டினேன். ஒரு போட்டோகூட இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் அதை மறுபடி செய்வேனா? செய்வேன், யோசிக்காமல் செய்வேன். ஆக, சமூகப் பணிக்கு நான் போட்ட 9 உண்மை. ஆன்மீகத்துக்குப் போட்ட 10 அன்றைக்கு உண்மையில் 6. பத்து என்று எழுதிக்கொண்டு இருந்தவரைக்கும் அந்த ஆறை வளர்க்க வழியே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்தது. "குடும்பம் முக்கியம்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். சாமி கும்பிடச் சொல்லிக் கொடுத்தது பாட்டி. அப்படின்னா இது எதுவுமே என்னுடையது இல்லையே? நானாகக் கண்டுபிடித்தால்தானே என் மதிப்பு?"

நம் வயதில் நிறைய பேர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறோம். பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு நடப்பது ஒரு கூட்டம். கொடுத்தது பெரியவர்கள் என்பதற்காகவே தூக்கிப் போடுவது இன்னொரு கூட்டம். யோசித்துப் பார்த்தால் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இது யாரிடமிருந்து வந்தது? நான் பேசும் தமிழும் அம்மாவிடமிருந்து வந்ததுதான். அதனால் இந்தத் தமிழ் என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா? தினமும் பேசிப் பேசி, என் தப்புகளும் என் கிண்டலும் கலந்து அது என்னுடையதாகிவிட்டது. மதிப்பும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வந்த இடம் அதைத் தீர்மானிப்பதில்லை. கட்டாயமும் கைதட்டலும் போன பிறகும் நான் அதைக் கையில் வைத்திருப்பேனா என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆனால் அக்காவின் கேள்விக்கும் ஓர் எல்லை உண்டு. அதை அக்காவிடமே சொன்னேன். "யாருக்கும் தெரியாதுன்னா அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாம அம்மாவைப் பாசமா பார்த்துக்கிறது எப்படி?" அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. பிறகு நாங்கள் இருவரும் கேள்வியைத் திருத்திக்கொண்டோம். ஆள் இல்லாமல் செய்வேனா என்று கேட்கக்கூடாது, புகழ் இல்லாமல் செய்வேனா என்று கேட்கவேண்டும். அம்மா முகம் மலரவேண்டும் என்று ஆசைப்படுவது விளம்பரம் இல்லை. "என் மகன் தினமும் கூப்பிடுவான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லவேண்டும் என்று ஆசைப்படுவதுதான் விளம்பரம். கூட்டமாகப் பஜனை பாடுவதும் அப்படித்தான். பத்துப் பேர் இருந்தால்தான் பஜனை, ஆனால் பாடுவது அந்தப் பத்துப் பேர் மெச்சுவதற்காக இருக்கவேண்டியதில்லை.

இப்போது படிப்புக்கு வருகிறேன். அதுதானே என் பிரச்சினை. "பட்டமளிப்பு விழா இல்ல, உன்னை யாரும் எஞ்சினியர்னு கூப்பிடமாட்டாங்க. அப்பவும் இதைப் படிப்பியா?" படிக்கமாட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. உடனே பாரத்தை நிரப்பப் போனேன். அக்கா தடுத்தாங்க. "அவசரப்படாதே. இந்தப் படிப்பு சம்பந்தமா, நேரம் போனதே தெரியாம செஞ்ச ஒரு வேலையைச் சொல்லு. எப்படி இருந்துச்சுன்னு சொல்லாதே. என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லு."

ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முந்தைய வாரம், கோயிலுக்குப் பின்னால் கிணற்றில் இருந்த பம்ப் வேலை செய்யவில்லை. மோட்டார் ஓடுது, தண்ணி வரல. மோட்டாரையே மாற்றவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். பம்ப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓட்டினால் நன்றாகத் தண்ணீர் வந்தது. நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் ஓட்டினால் மறுபடி வரவில்லை. அப்படியானால் மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ராத்திரியில் குழாயில் உள்ள தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடுகிறது. குழாயின் அடியில் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைக்கும் ஃபூட் வால்வு சரியாக மூடவில்லை. குழாயை மேலே இழுத்துப் பார்த்தோம். வால்வின் மூடிக்கு அடியில் ஒரு சின்னக் குச்சி சிக்கியிருந்தது. எடுத்துக் கழுவி மாட்டினோம். செலவு ஒன்றுமில்லை. அன்றைக்கு மதியம் சாப்பிட மறந்தது சாயங்காலம்தான் தெரிந்தது.

"அப்ப கோர்ஸ் தப்பு இல்லையே?" என்று அக்கா கேட்டாங்க.

தப்பு இல்லைதான். எனக்கு முக்கியமானது, ஆட்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு பொருள் கெட்டுப்போனால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுப்பது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. பாயிண்ட்டுக்காக மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

என் வாழ்க்கை ஏன் சப்பென்று போனது என்பதும் இங்கேதான் புரிந்தது. எஸ்.பி.எம்., அப்புறம் மெட்ரிகுலேஷன், அப்புறம் யுனிவர்சிட்டி இடம். ஒன்று முடிந்தால் அடுத்தது தயாராக இருந்தது. இடம் கிடைத்த அன்றைக்கு அந்த வரிசை முடிந்துவிட்டது. இதெல்லாம் இலக்கு. இலக்கு முடியக்கூடியது. மதிப்பு முடியாது. அம்மா இன்றைக்குச் சமைக்கவேண்டியதைப் பதினோரு மணிக்கே முடித்துவிடுவார். ஆனால் அம்மாவின் கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. அது எந்த மணிக்கு முடியும்? நாளைக்கு வேறு கறி, அதே பக்குவம். என்னிடம் சமைத்து முடிக்கவேண்டிய பட்டியல் இருந்தது, பக்குவம் என்ன என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

இரண்டாவது தாள் இப்படி வந்தது. குடும்பம்: முக்கியம் 9, நடப்பு 2. சமூகப் பணி: 9, 1. படிப்பு: 7, 6. ஆன்மீகம்: 6, 3. பொழுதுபோக்கு: 5, 8. வாரத்தில் 38 மணி நேரத்தைக் கொடுத்த பகுதிக்கு நானே போட்ட மதிப்பு வெறும் 5. என் உப்பு எங்கே போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

பிறகு என்ன செய்யலாம் என்று எழுதச் சொன்னாங்க. "போன் அதிகம் பார்க்கமாட்டேன். நேரத்தை வீணாக்கமாட்டேன். கோபப்படமாட்டேன்" என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "பொணம்கூடத்தான் போன் பார்க்காது, கோபப்படாது. உயிரோட இருக்கிறவன் என்ன செய்வான்னு எழுது" என்றாங்க. இது ரொம்ப சாதாரணமான தப்பு. 'மாட்டேன்' என்று முடிகிற வரியை வைத்து ஒரு நாளைத் தொடங்க முடியாது.

திருத்தி எழுதியது இரண்டே வரி. செவ்வாய், வெள்ளி இரவு 9 மணிக்கு அம்மாவை நான் அழைப்பேன், லேப்டாப்பை மூடிவிட்டு. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துத் தமானில் உள்ள கோயிலில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பில் கணிதம் சொல்லிக் கொடுப்பேன். நாள், நேரம், இடம் மூன்றும் இருக்கவேண்டும் என்பதும், மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கக்கூடாது என்பதும் அக்காவின் கண்டிப்பு. இந்த மாதிரி நிலையில் மனசு முதலில் வராது. செய்தால் பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

முதல் வாரம் வரவில்லை. அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்" என்பதோடு நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள், பின்னத்தை விளக்கத் தெரியாமல் முழித்தேன். இது வேலைக்கு ஆகாது என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "சந்தோஷமா இருந்துச்சான்னு நான் கேட்கல. 9 மணிக்குக் கூப்பிட்டியா?" என்று பதில் வந்தது. கூப்பிட்டேன். "அப்ப நடப்பு 2 இல்ல, 3." மூன்றாவது சனிக்கிழமை ஒரு பையன் ரொட்டி சானாயைக் கிழித்துக் காட்டி மூன்றில் ஒரு பங்கை எனக்கே விளக்கினான். அன்று ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் போனை எடுக்க மறந்துவிட்டேன். பெரிய ஆனந்தம் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் உப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாச் சப்பென்ற நிலையும் இந்தத் தாளுக்கு அடங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும், நாளின் பெரும்பகுதி எதிலுமே ஆர்வம் இல்லாமல், தூக்கமும் சாப்பாடும் மாறி, நான் இருந்து என்ன பயன் என்ற எண்ணமும் வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முக்கியம் 9, நடப்பு 1 என்று எழுதிப் பார்ப்பது அப்போது தன்னையே அடித்துக்கொள்ளும் பிரம்பாகிவிடும். யுனிவர்சிட்டி கிளினிக்கிலோ அரசாங்க கிளினிக்கிலோ டாக்டரைப் பாருங்கள். இரவு நேரத்தில் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றால் கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் 24 மணி நேரமும் இருக்கிறார்கள்: 03-7627 2929. அக்கா என்னிடம் தாளை நீட்டுவதற்கு முன்னால் தூக்கம், சாப்பாடு பற்றி விசாரித்தது இதற்காகத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

விடுப்புப் பாரம் இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது, நிரப்பவில்லை. கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்குச் சின்னப் பம்ப்புகளில் ஃபூட் வால்வு பழுதாவதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வழியை எடுத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை தாளை மறுபடி போடுகிறேன். சில எண்கள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. பரீட்சை மாதத்தில் சமூகப் பணி 2க்கு வந்தது, அதை அப்படியே எழுதினேன்.

போன மாதம் குடும்பத்துக்கு நடப்பு 7 போட்டேன். கொஞ்சம் அதிகமோ என்று சந்தேகம். அம்மாவிடமே கேட்டேன், தாளைப் பற்றிச் சொல்லாமல். "அம்மா, நான் இப்ப ஒழுங்கா பேசறேனா?" அம்மா சொன்னார்: "முன்னெல்லாம் நீ கூப்பிட்டா பாத்திரம் விளக்கிக்கிட்டே பேசுவேன், எப்படியும் அஞ்சு நிமிசத்துல வெச்சிடுவேன்னு. இப்ப ஒம்பது மணிக்கு முன்னாடியே விளக்கி வெச்சிடுறேன்."

நான் அந்த 7ஐ மாற்றவில்லை.